கரையில் நிற்கும் 61 நாள்: அப்பாவின் விசாவுக்கு நான் எழுதிய கவரிங் லெட்டர்

அக்கா லெஸ்டரில் நர்ஸ். 2024 ஜனவரியில் அவளுக்குத் தலைப்பிரசவம் என்று தெரிந்ததும் வீட்டில் ஒரே பேச்சு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் நம் வழக்கம். வீட்டை அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது, அப்பா அம்மாவையாவது அனுப்பி வைப்போம் என்று 2023 நவம்பரில் பிரிட்டனுக்குப் பார்வையாளர் விசா போட்டோம். போட்டோம் என்று சொல்வதுகூடத் தப்பு, ஒரு ஏஜெண்டிடம் கொடுத்தோம். ஒரு மாதத்துக்குள் இரண்டு பேருக்கும் மறுப்பு வந்துவிட்டது.

அந்த மறுப்புக் கடிதத்தை ராமேஸ்வரம் பக்கத்தில் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் படித்துக் காட்ட, அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் திரும்பி வரமாட்டேன்னு எதை வச்சுப்பா சொல்றாங்க? படகை யாருகிட்ட விட்டுட்டு நான் அங்க போய் உக்காரப் போறேன்?"

நியாயமான கேள்வி. ஆனால் இதை அந்த அதிகாரியிடம் யாரும் சொல்லவே இல்லை என்பது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அப்பா பெயரில் போன கவரிங் லெட்டரில் படகு என்ற சொல்லே ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அம்மா பெயரில் போனதில் இன்னும் மோசம், அப்பாவின் கடிதத்தையே பெயரை மட்டும் மாற்றி வைத்திருந்தார்கள். "நான் சொந்தமாக விசைப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன்" என்று அம்மா கையெழுத்துப் போட்டிருந்தார். அம்மாவுக்குப் படகில் ஏறினாலே தலை சுற்றும்.

பார்வையாளர் விசா மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. மறுஆய்வும் கிடையாது. குறையைச் சரி செய்துகொண்டு புதிதாகக் கட்டணம் கட்டி மறுபடி விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். அதனால் அந்த மறுப்புக் கடிதம்தான் நமக்குக் கிடைத்த ஒரே வழிகாட்டி. நான் ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் அதிகாரி சொன்ன ஒவ்வொரு குறையையும் எழுதினேன். வலப்பக்கம், அது உண்மையா, உண்மை இல்லையென்றால் அதைக் காட்ட நம்மிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று எழுதினேன். சுற்றி வளைத்துப் பார்த்தால் நாலே நாலு விஷயம்தான்.

முதலாவது வருமானம். விண்ணப்பப் படிவத்தில் மாத வருமானம் ஒன்றரை லட்சம் என்று போட்டிருந்தார்கள். வருமான வரிக் கணக்கில் வருடத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். ஒன்றரை லட்சத்தை 12ஆல் பெருக்கினால் 18 லட்சம். இந்த இரண்டு காகிதத்தையும் நாமேதான் ஒரே கட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறோம். அங்கே உட்கார்ந்திருப்பவர் எதை நம்புவார்?

இரண்டாவது, விண்ணப்பிப்பதற்கு எட்டு நாள் முன்னால் அப்பா கணக்கில் விழுந்த நாலரை லட்சம். எங்கிருந்து வந்தது என்று ஒரு வரிகூட இல்லை. "கணக்குல காசு கூடுதலா காட்டினா நல்லது" என்று ஏஜெண்ட் சொன்னதைக் கேட்டு அக்கா அனுப்பியது அது. நல்லதாவது! ஏற்கெனவே இருந்த நியாயமான சேமிப்பையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது அந்த ஒரு வரவுதான்.

மூன்றாவது, காலம். டிசம்பர் 15 முதல் ஜூன் 10 வரை, கிட்டத்தட்ட ஆறு மாதம் கேட்டிருந்தார்கள். ஒரு தடவை போனால் ஆறு மாதம் வரை இருக்கலாம் என்பதால் "கிடைக்கிறதை முழுசாக் கேப்போம்" என்பது ஏஜெண்டின் கணக்கு. சொந்தத் தொழில் செய்பவர் ஆறு மாதம் இல்லையென்றால் அந்தத் தொழிலை யார் நடத்துவது என்று அதிகாரி கேட்டிருந்தார். அப்பா கேட்ட அதே கேள்வி, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருக்கிறது.

நாலாவது, போகும் காரணம். "மகள் வேலைக்குத் திரும்பும் வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள" என்று கடிதத்தில் இருந்தது. நம் ஊரில் இதைவிட இயல்பான காரணம் இல்லை, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாமல் பாட்டி எதற்கு. ஆனால் அந்த விசாவில் போகிறவர் அங்கே வேலை செய்யக் கூடாது. சொந்தப் பேரனைத் தூக்கி வைத்துக்கொள்வதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. ஆனால் தாய் வேலைக்குப் போவதற்காக மாதக்கணக்கில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எழுதினால், காசு கொடுத்து வைக்கிற ஆளுக்குப் பதிலாகப் போகிறார் என்று படிக்க இடம் இருக்கிறது. நாமே அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய.

ஜனவரி 9 அன்று அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அம்மா வீடியோ காலில் பார்த்து அழுதார். குழந்தையின் ஞானஸ்நானத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறோம், தாத்தா பாட்டி வந்துதான் செய்வோம் என்று மச்சான் சொல்லிவிட்டார். எப்போது என்று தேதி குறிக்கும்போதுதான் அப்பா ஒரு சொல் சொன்னார். "தடைக்காலத்துல வைங்க. அப்பத்தான் எனக்குக் கடல் இல்ல."

எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. மீன் இனப்பெருக்கத்துக்காக அரசு போடும் தடை, நமக்கெல்லாம் பழகிப் போனது. எந்த நாட்டு அதிகாரியாலும் சரிபார்த்துக்கொள்ளக்கூடியது. ஒரு மனிதர் ஏன் அந்த மாதத்தில் போகிறார், ஏன் அந்தத் தேதிக்குள் திரும்பி வந்தாக வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் இந்த ஒரே விஷயம் பதில் சொல்லிவிடுகிறது. போன முறை டிசம்பர் முதல் ஜூன் வரை என்று கேட்டபோது, படகு ஓடுகிற நாலு மாதத்தையும் சேர்த்து விட்டுவிட்டுப் போவதாக நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஞானஸ்நானத்தை மே 5, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார்கள். பயணம் ஏப்ரல் 22 முதல் மே 28 வரை. ஏன் ஜூன் 14 வரை கேட்கவில்லை என்றால், தடைக்காலத்திலேயே மீன்வளத்துறை வந்து படகுகளை ஆய்வு செய்வார்கள். பதிவுச் சான்று, உரிமம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உரிமையாளர் படகோடு நிற்க வேண்டும். அது போக, கரையேற்றிய படகில் பலகை மாற்றி, வண்ணம் அடித்து, இன்ஜினைப் பிரித்து மாட்டி இறக்க வேண்டும். முதல் வேலைகளைச் சித்தப்பா பார்த்துக்கொள்வார், கடைசி இரண்டு வாரம் அப்பா இல்லாமல் ஆகாது. இதை அப்படியே எழுதினேன்.

பிரிட்டன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். பிப்ரவரி 12 அன்று போட்டோம். இந்தத் தடவை ஏஜெண்ட் இல்லை, நானே உட்கார்ந்து செய்தேன். கவரிங் லெட்டர் கட்டாயம் இல்லை, அது இல்லாமலும் விண்ணப்பிக்கலாம். மாதச் சம்பளம் வாங்குபவருக்குச் சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமுமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். எங்களைப் போன்ற வீட்டில் காகிதங்கள் தனித்தனியாகக் கிடந்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது, அவற்றைக் கோத்துக் காட்ட இந்தக் கடிதத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. ஒன்றரைப் பக்கம், அதற்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் எந்த இணைப்பைப் பார்க்க வேண்டும் என்று எண் போட்டேன். எண் போட முடியாத வாக்கியத்தை, அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அடித்துவிட்டேன். "என் நாட்டை நான் மிகவும் நேசிக்கிறேன், கட்டாயம் திரும்பி வருவேன்" என்று ஏஜெண்டின் கடிதத்தில் இருந்த வரிக்கு எந்தக் காகிதத்தை இணைக்க முடியும்?

காரணம் சொல்லும் பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி இருந்தது:

"என் மகள் லெஸ்டரில் செவிலியராக வேலை செய்கிறார். அவருடைய முதல் குழந்தை 2024 ஜனவரி 9 அன்று பிறந்தது (இணைப்பு 1). குழந்தையின் ஞானஸ்நானம் மே 5 அன்று நடக்கிறது. பங்குத்தந்தையின் கடிதம் இணைப்பு 2. அதில் கலந்துகொள்ளவும் மகளின் குடும்பத்தோடு சில வாரம் இருக்கவும் ஏப்ரல் 22 முதல் மே 28 வரை வர விரும்புகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்க அரசு தடை விதித்துள்ளது (இணைப்பு 3). என் தொழிலை விட்டு நான் வெளியூர் போகக்கூடிய காலம் வருடத்தில் இது ஒன்றுதான்."

அவ்வளவுதான். லண்டனைச் சுற்றிப் பார்ப்பது, அரண்மனையைப் பார்ப்பது எதுவும் இல்லை. மச்சான் ஒருநாள் கூட்டிக்கொண்டு போவார்தான், அதற்காக ஏன் ஒரு பயணத் திட்டம் புனைய வேண்டும்?

பணம் பற்றிய பத்திதான் எனக்கு மூன்று ராத்திரி எடுத்தது. ராமேஸ்வரத்தில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. திங்கள் போன படகு செவ்வாய் காலையில் கரைக்கு வரும், இறாலும் நண்டும் கணவாயும் கம்பெனிக்காரர்களுக்குப் போகும், சங்காயம் என்கிற கழிவு மீன் தனியாகப் போகும், கணக்கு முடிந்து கையில் காசு வரும். இதை அறியாதவருக்கு அப்பாவின் பாஸ்புக் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். பத்தாயிரம், பதினெட்டாயிரம், பன்னிரண்டாயிரம் என்று ரொக்கமாக விழுந்துகொண்டே இருக்கிறது, சம்பளம் மாதிரி ஒரே தொகை இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை, நடுவில் இரண்டு வாரம் ஒன்றுமே இல்லை. யாருடைய காசையோ கொண்டுவந்து போடுகிற மாதிரிதான் இருக்கும்.

ஆறு மாத ஸ்டேட்மெண்டை அச்செடுத்து வரவுகளுக்கு எதிரே கிழமையைப் பென்சிலால் எழுதிப் பார்த்தேன். செவ்வாய், வியாழன், திங்கள். செவ்வாய், வியாழன், திங்கள். ஒரு தடவை கடலுக்குப் போய்வருவது ஒரு பாடு. ஞாயிறு வங்கி இல்லாததால் சனிக்கிழமைப் பாட்டின் காசு திங்களில் விழுகிறது. ஒரு வாரம்கூடப் பிசகவில்லை. அப்பாவிடம் காட்டினேன். "இதுல என்னப்பா அதிசயம், அன்னைக்குத்தானே காசு வரும்" என்றார். அவருக்கு அதிசயம் இல்லை. ஆனால் கடல் நாளும் வரவு நாளும் இப்படி ஒத்துப்போவதை ஒரு வரியில் சொல்லிவிட்டால், சந்தேகமாகத் தெரிந்த அதே பக்கம் தொழிலுக்குச் சாட்சியாக மாறிவிடும். கடலுக்குப் போகுமுன் மீன்வளத்துறையில் வாங்குகிற டோக்கன் விவரத்தையும் அந்தத் தேதிகளுக்கு வைத்தேன். வரவே இல்லாத அந்த இரண்டு வாரம் வேலைநிறுத்தம். அதற்கு மீனவர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கினோம்.

அடுத்து ஒன்றரை லட்சமும் 5 லட்சத்து 40 ஆயிரமும். இரண்டுமே பொய் இல்லை, அதுதான் வேடிக்கை. ஒரு பாட்டுக்குச் சராசரியாக 80 ஆயிரத்துக்கு மீன் விற்றால், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் என்று 50 ஆயிரம் போகும். மீதி 30 ஆயிரத்தில் பாதி ஆட்களுக்கு, பாதி படகுக்கு. படகுப் பங்கு 15 ஆயிரம். மாதத்தில் பத்துப் பாடு என்றால் ஒன்றரை லட்சம் கணக்கில் விழும். அதிலிருந்து மடி வலை வாங்க வேண்டும், கயிறு, இன்ஜின் வேலை, படகுக் கடன் தவணை. எல்லாம் போக அப்பாவுக்கு மாதம் 54 ஆயிரம் நிற்கும், அதுவும் தடைக்காலம் போகப் பத்து மாதத்துக்கு மட்டும். வருடத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். வரிக் கணக்கில் இருப்பது அது. ஏஜெண்ட் பாஸ்புக்கில் விழுவதை வருமானம் என்று எழுதிவிட்டார். நான் இந்த முறை படிவத்தில் வருட வருமானத்தை 5 லட்சத்து 40 ஆயிரம் என்றே போட்டேன், கடிதத்தில் மேலே சொன்ன கணக்கை நாலு வரியில் எழுதினேன், மடிக் கடை பில்லையும் கடன் தவணை விவரத்தையும் இணைத்தேன். உறவில் ஒருவர் "ஏன் குறைச்சுக் காட்டுற, விசா கிடைக்காது" என்று பயமுறுத்தினார். போகிற செலவுக்குப் போதுமா என்பதுதானே கேள்வி, இவர் பணக்காரரா என்று யாரும் கேட்கவில்லையே?

செலவை இப்படிப் போட்டேன். இரண்டு பேருக்கும் போகவர டிக்கெட் 1 லட்சத்து 36 ஆயிரம். சென்னை வரை போய்வர, காப்பீடு, சில்லறை எல்லாம் சேர்த்து 24 ஆயிரம். அங்கே கைச்செலவுக்கு 60 ஆயிரம். மொத்தம் 2 லட்சத்து 20 ஆயிரம். தங்குவதும் சாப்பாடும் அக்கா வீட்டில். அப்பாவின் சேமிப்புக் கணக்கில் 3 லட்சத்து 10 ஆயிரம், 2021இல் போட்ட வைப்புத்தொகை 4 லட்சம். செலவு போகவும் திரும்பி வந்து படகை இறக்கக் காசு மிஞ்சுகிறது. இதை நான் அழுத்தியே எழுதினேன், ஏனென்றால் உள்ளதையெல்லாம் துடைத்து எடுத்துக்கொண்டு ஐந்து வாரச் சுற்றுலா போகிறார் என்று தெரிந்தால் அதுவே ஒரு கேள்வியாகிவிடும். டிக்கெட் விலை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டோம், விசா கையில் வருமுன் டிக்கெட் எடுக்கவில்லை.

அந்த நாலரை லட்சம்? ஆறு மாத ஸ்டேட்மெண்டில் அது இருக்கத்தான் செய்யும், மறைக்க வழியில்லை. "2023 நவம்பர் 2 அன்று வந்த 4,50,000 ரூபாய் என் மகள் அனுப்பியது. டிசம்பர் 18 அன்று அவருக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். இந்தப் பயணச் செலவுக்கு அதை நான் கணக்கில் எடுக்கவில்லை" என்று எழுதி அக்காவின் வங்கிக் கணக்கில் போனதும் வந்ததும் தெரிகிற பக்கத்தை வைத்தேன். மூன்று வாக்கியம். முதல் தடவையே எழுதியிருந்தால் ஒருவேளை இவ்வளவு தூரம் வந்திருக்காது.

முந்தைய மறுப்பையும் சொன்னேன். படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது, முன்பு எந்த நாடாவது விசா மறுத்திருக்கிறதா என்று. "இல்லைன்னு போட்டுடு, யாருக்குத் தெரியும்" என்று சொன்னவரும் உண்டு. அவர்களிடமே மறுத்த பதிவு இருக்கும்போது அவர்களுக்கா தெரியாது! தெரிந்தே பொய் சொன்னதாகப் பிடிபட்டால் பத்து வருடம் வரைகூட விண்ணப்பங்கள் தள்ளுபடி ஆகும். கடிதத்தின் இரண்டாவது பத்தியிலேயே, இந்தத் தேதியில் மறுக்கப்பட்டது, அதில் சொன்ன நாலு குறைகளுக்குமான விளக்கம் கீழே இருக்கிறது என்று ஆரம்பித்து, அதே வரிசையில் எழுதிக்கொண்டு போனேன்.

ஊருக்குத் திரும்புவார் என்பதற்கு என்ன ஆதாரம் என்ற இடத்தில் எல்லாரும் சொல்வது வீட்டுப் பட்டா. நாங்களும் வைத்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் வீடு எங்கேயும் போகாது, பூட்டிப் போட்டுவிட்டு எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம். எங்கள் ஊரிலேயே வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடு எத்தனை இருக்கிறது. ஒரு தேதிக்குள் வந்தே ஆக வேண்டும் என்று இழுப்பது எதுவோ அதுதான் அதிகாரிக்குப் பொருளாகப் படும் என்று நான் நினைத்தேன். அதனால் படகை முன்னால் வைத்தேன்: அப்பா பெயரில் பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், மானிய டீசல் வாங்கும் புத்தகம், வங்கிக் கடனின் மீதித் தவணை, படகில் வேலை செய்யும் ஐந்து பேரின் விவரம், ஜூன் 15 முதல் மறுபடி தொழில். அப்புறம்தான் வீடும், எங்களோடு இருக்கும் அப்பத்தாவும்.

அம்மாவின் கடிதத்தைத் தனியாக எழுதினேன். அவரவர் விண்ணப்பம் அவரவருக்கு, ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்கு மறுக்கவும் செய்யலாம். அம்மாவுக்கு வருமானம் இல்லை என்பதைச் சுற்றிவளைக்காமல் எழுதி, அவருடைய முழுச் செலவையும் கணவர் ஏற்கிறார் என்று அப்பாவின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் கல்யாணச் சான்றும் வைத்தேன். அம்மாவை இழுப்பது எது? 82 வயது அப்பத்தா. சாப்பாடு, மருந்து எல்லாம் அம்மா கைதான். அந்த ஐந்து வாரம் என் மனைவி பார்த்துக்கொள்வாள் என்று எழுதினேன். அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் செயலாளர், குழுக் கடனில் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அந்தப் பதிவேட்டுப் பக்கத்தையும் வைத்தேன். "இதையெல்லாமா கேப்பாங்க" என்று அம்மாவுக்கு வெட்கம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். ஆங்கிலத்தில் இல்லாத காகிதம் ஒவ்வொன்றுக்கும் முழு மொழிபெயர்ப்பு வேண்டும். பட்டா, டோக்கன், குழுப் பதிவேடு எல்லாம் தமிழ். மொழிபெயர்த்தவர் இது சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதி, தேதி, முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் போட்டிருக்க வேண்டும். போன முறை தமிழ்ப் பட்டாவை அப்படியே ஸ்கேன் பண்ணி ஏற்றியிருந்தார்கள். அதை அங்கே யார் படித்திருப்பார்?

அக்காவின் அழைப்புக் கடிதத்தையும் ஒருமுறை வாங்கிப் பார்த்ததில்தான் தெரிந்தது, அதில் மே 30 வரை என்று இருந்தது. எங்கள் கடிதத்தில் மே 28. இரண்டு நாள்தான், வேறு யாராவது கவனிப்பார்களா என்று அக்கா கேட்டாள். மாற்றச் சொன்னேன். படிவம், அப்பா கடிதம், அம்மா கடிதம், அக்கா கடிதம், நாலிலும் தேதியையும் தொகையையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு ஒப்பிட்டேன். அக்கா பக்கத்திலிருந்து அவளுடைய விசா நகல், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் வந்தன, வீட்டில் இரண்டு அறை என்று ஒப்பந்தத்திலேயே இருந்ததால் இவர்கள் எங்கே படுப்பார்கள் என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பெரிய மனிதரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார், வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார்.

கைரேகை வைக்கச் சென்னைக்குப் போனோம். அப்போது பாம்பன் பாலத்தில் ரயில் கிடையாது, மண்டபத்தில் போய் ஏறினோம். அந்த மையத்தில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கைரேகை, போட்டோ, முடிந்தது. அப்பாவுக்கு ஏமாற்றம். கேட்டால் சொல்வதற்கு வழி நெடுகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அவர் சொல்ல நினைத்ததெல்லாம் அந்த ஒன்றரைப் பக்கத்துக்குள்தான் இருந்தாக வேண்டும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது.

மூன்று வாரத்துக்குள் பாஸ்போர்ட் வந்தது. இரண்டு பேருக்கும் விசா. கடிதத்தால்தான் கிடைத்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், விசா கொடுக்கும்போது காரணம் எழுதி அனுப்புவதில்லை. ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டுவிட்டு 22ஆம் தேதி கிளம்பினார்கள். லண்டன் விமான நிலையத்தில் எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "மே ட்வெண்ட்டி எயிட், போட் இன்ஸ்பெக்‌ஷன்" என்றாராம். சொன்ன தேதியில் திரும்பி வந்து, கசங்கிய சட்டையோடு நேரே ஜெட்டிக்குப் போய்ப் படகைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

போன மாதம் பாம்பனிலிருந்து பெரியம்மா மகன் வந்திருந்தான். அவன் மாமியார் வீட்டார் இங்கிலாந்தில் இருக்கிறார்கள், அவனும் விசா போட வேண்டுமாம். "அண்ணே, பெரியவருக்கு எழுதின லெட்டரை அனுப்புங்க, பேரை மட்டும் மாத்திக்கிறேன்" என்றான். அவன் வைத்திருப்பது நாட்டுப்படகு. நாட்டுப்படகுக்கு அந்த 61 நாள் தடை கிடையாது. விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும் அந்த நாளில்தான் அவன் மீனுக்கு நல்ல விலை. தடைக்காலத்தில் எனக்குத் தொழில் இல்லை என்று அவன் எழுதினால், அவன் பாஸ்புக்கே எதிர்த்துச் சாட்சி சொல்லும்.

"உனக்கு எந்த மாசம்டா கடல் இல்ல?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஐப்பசி, கார்த்திகைண்ணே. வாடைக்காத்து அடிச்சா வாரத்துல ரெண்டு நாள் போறதே பெரிசு."

பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், கூடவே ஒரு பென்சிலும்.